ஸ்கேன் செய்த அட்டவணையின் நட்சத்திரக் குறிகளையும் அடிக்குறிப்புகளையும் தனி நெடுவரிசைக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை விரிதாளில் ஏற்றுகிறவர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் வரும் கேள்விகள் இங்கே உள்ளன. எடுத்துக்காட்டுகள் இந்தியக் கணக்கெடுப்புத் தொகுதிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. செயல்முறையைக் காட்டுவதற்காக நானே இட்ட எண்கள் வரும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

குறியை எண்ணோடு ஒட்டியபடியே விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

கூட்டுத்தொகை கெட்டுப்போகும். அது கெட்டது உங்களுக்குத் தெரியாமலே போகும் என்பதுதான் பெரிய ஆபத்து. நானே இட்ட எண்களைக் கொண்டு ஒரு சிறு அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஐந்து தாலுகாக்களின் மக்கள்தொகை வரிசையாக 48,215, 61,904*, 37,662†, 52,340, 41,685* என்றும், கீழே மொத்தம் 2,41,806 என்றும் அச்சாகியிருக்கிறது என்று கொள்க. இதை அப்படியே விரிதாளில் ஒட்டினால், குறி ஒட்டிய மூன்று கட்டங்களும் எண்ணாக அல்லாமல் எழுத்துத் தொடராகவே பதிவாகும். SUM என்ற சூத்திரம் எழுத்துத் தொடர்களைத் தாண்டிச் சென்றுவிடுவதால், மீதமுள்ள இரண்டை மட்டும் கூட்டி 1,00,555 என்று விடை தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டங்களைக் கூட்டல் குறியால் ஒவ்வொன்றாகக் கூட்டியிருந்தாலாவது `#VALUE!` என்று நின்று நம்மை எச்சரித்திருக்கும்.

ஆகவே அட்டவணை கைக்கு வந்ததும் முதலில் இடவேண்டிய சூத்திரம் இதுதான்:

```
=COUNTA(C2:C40)-COUNT(C2:C40)
```

காலியாக இல்லாத கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து, எண்ணாகப் பதிவான கட்டங்களின் எண்ணிக்கையை இது கழித்துக் காட்டுகிறது. விடை பூஜ்யமாக இல்லையென்றால், அத்தனை கட்டங்களில் எண் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது எண் அல்ல என்று பொருள்.

அப்படியானால் குறிகளை அழித்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். எண்கள் பார்க்க மிகச் சுத்தமாக இருந்தன. ஒரு பதின்ஆண்டில் மட்டும் வளர்ச்சி வீதம் ஏன் வழுவழுப்பாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, ஏனெனில் பதில் இருந்த குறிப்பை நானே அழித்திருந்தேன்.

அசாமில் 1981-ஆம் ஆண்டிலும், ஜம்மு காஷ்மீரில் 1951-ஆம் ஆண்டிலும் 1991-ஆம் ஆண்டிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆயினும் பதின்ஆண்டு வாரியான அட்டவணைகளில் அந்தக் கட்டங்கள் காலியாக இருப்பதில்லை. அசாமின் 1981-ஆம் ஆண்டு எண், முன்பின் கணக்கெடுப்புகளுக்கு இடையில் வைத்துக் கணித்த இடைமதிப்பு. வீடு வீடாகச் சென்று எண்ணிய எண்ணுக்கும் இப்படிக் கணக்கிட்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையில் தாங்கி நிற்பது அந்தச் சிறு குறி மட்டுமே.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு 2001-ஆம் ஆண்டு மணிப்பூர். சேனாபதி மாவட்டத்தின் மாவோ மரம், பாவோமாதா, புருல் ஆகிய மூன்று உட்கோட்டங்களின் கணக்கெடுப்பு முடிவுகள் நீக்கப்பட்டு, அவற்றுக்கு மதிப்பீடு மட்டுமே தரப்பட்டது. அதனால் மாநிலத்தின் மக்கள்தொகையை சில அட்டவணைகள் 21,66,788 என்றும், வேறு சில 22,93,896 என்றும் தருகின்றன. இந்தியாவின் மொத்தமும் அதுபோலவே 102,86,10,328 என்றும் 102,87,37,436 என்றும் இரண்டு விதமாக வரும். இரண்டு இணைகளிலும் வேறுபாடு ஒரே 1,27,108-தான் என்பதைக் கழித்துப் பார்த்தால் காணலாம். நான்கு எண்களும் சரியானவையே. எது அந்த மூன்று உட்கோட்டங்களைச் சேர்த்தது, எது சேர்க்காதது என்பது அடிக்குறிப்பில் இருக்கிறது. குறிப்பைத் தொலைத்தவர், பின்னால் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டு, இல்லாத தட்டச்சுப் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

குறிப்புக்கான நெடுவரிசையை எப்படி அமைப்பது? ஒன்று போதுமா?

அட்டவணையை அச்சில் உள்ள வடிவத்திலேயே வைத்துக்கொண்டு வலது ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு நெடுவரிசையைச் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஒரு வரிசையில் 1901 முதல் 1961 வரை ஏழு எண்கள் இருந்து, அவற்றுள் மூன்றாவதற்கு மட்டும் குறி இருந்தால், ஓரத்தில் எழுதிய குறிப்பு எந்த எண்ணைச் சேர்ந்தது என்பது மறுநாளே நமக்கே தெரியாது. நான் பரிந்துரைப்பது, அட்டவணையை நீள வடிவுக்கு மாற்றுவது, அதாவது அச்சில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் விரிதாளில் ஒரு வரிசை ஒதுக்குவது. அந்த வரிசையில் பக்கம், மாவட்டம், ஆண்டு ஆகியவற்றுக்குப் பின் நான்கு நெடுவரிசைகள் வரவேண்டும். முதலாவது அச்சில் கண்டபடியே எழுதியது, அதாவது 61,904* என்று குறியோடு. இரண்டாவது கணக்குக்கு உரிய தூய எண், 61904. மூன்றாவது குறி மட்டும், *. நான்காவது குறிப்பின் வாசகம்.

முதல் நெடுவரிசை வீண்வேலை என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் விடாதீர்கள். தூய எண்ணில் ஐயம் வரும்போது ஸ்கேனைத் திறந்து பக்கம் தேடாமல், பிரித்தபோது என்ன நடந்தது என்பதை அந்த ஒரு கட்டமே சொல்லிவிடும்.

நான்காவது நெடுவரிசையில் வாசகத்தைக் கையால் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யவேண்டாம். குறிப்புகளுக்கென்று தனித் தாள் ஒன்று வைத்து, பக்கம், குறி, வாசகம் என்று ஒருமுறை எழுதிவிட்டு, பக்கத்தையும் குறியையும் சேர்த்துத் தேடி வாசகத்தை இழுத்துக்கொள்ளலாம். வாசகத்தில் ஒரு பிழை தெரிந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஒரே எண்ணுக்கு *† என்று இரண்டு குறிகள் இருந்தால் மட்டும் அந்தத் தேடல் வெறுங்கையோடு திரும்பும். அத்தகைய கட்டங்களுக்கு இரண்டு வாசகங்களையும் அரைப்புள்ளியால் பிரித்துக் கையால் எழுதிவிடுவதே எளிது, அவை அரிதாகவே வரும்.

ஒரு பக்கத்தில் * வந்த குறிப்பு அடுத்த பக்கத்தில் வேறாக இருக்கிறதே?

அது அச்சகத்தின் வழக்கம். *, †, ‡, § என்ற வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாகத் தொடங்கும். பன்னிரண்டு பக்கம் ஓடும் ஓர் அட்டவணையில் * என்பது பன்னிரண்டு வேறு வேறு பொருளைக் கொள்ளலாம். இதனால்தான் குறிப்புத் தாளில் குறியை மட்டும் திறவுகோலாக வைக்காமல், பக்க எண்ணையும் குறியையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். பக்க எண் என்பது அச்சிட்ட பக்க எண்ணா, பிடிஎஃப் கோப்பின் பக்க எண்ணா என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். முன்னுரைப் பக்கங்களால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. இரண்டையும் கலந்து எழுதிய கோப்பைப் பின்னால் சீர்செய்வது, முதலிலிருந்து தட்டச்சு செய்வதைவிடக் கடினம்.

எழுத்துணரி குறியைத் தப்பாகப் படித்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்துணரிக்கு நட்சத்திரக் குறி ஓரளவு பிடிபடும், சில வேளைகளில் மட்டும் அதை மேற்கோள் குறியாகவோ பாகைக் குறியாகவோ ஆக்கிவிடும். அதற்கு உண்மையில் பிடிபடாதது குத்துவாள் வடிவக் குறி. † என்பது ஆங்கிலச் சிறிய எழுத்தான t ஆகவோ, f ஆகவோ, கூட்டல் குறியாகவோ வந்து சேரும். எண் நெடுவரிசையில் தனி எழுத்து ஒன்று தலைகாட்டினால் அது அநேகமாகக் குத்துவாள்தான். § என்ற குறி எஸ் எழுத்தாக வந்தால் கண்ணில் படும், 8 அல்லது 5 ஆக வந்தால் எண்ணோடு கலந்து மறைந்துவிடும்.

குறி ஒட்டுமொத்தமாக விழுந்துபோவதும் உண்டு. பழைய தாளின் புள்ளிக் கறைகளை நீக்கச் சொல்லி ஸ்கேன் மென்பொருளுக்குக் கட்டளையிட்டிருந்தால், அது மெல்லிய நட்சத்திரத்தையும் கறை என்று எண்ணித் துடைத்துவிடும். துடைக்கப்பட்ட குறியை எண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. அதைக் காட்டிக்கொடுப்பது பக்கத்தின் அடிப்பகுதி. கீழே மூன்று குறிப்புகள் இருந்து, மேலே அட்டவணையில் இரண்டு வகைக் குறிகள் மட்டும் கிடைத்திருந்தால், மூன்றாவது குறி எங்கோ விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த ஒப்பீட்டை இரு திசையிலும் செய்யுங்கள்: குறிப்பு இருந்து குறி இல்லையா, குறி இருந்து குறிப்பு இல்லையா என்று. கறை நீக்காத மூல ஸ்கேனை எந்த நிலையிலும் அழித்துவிடாதீர்கள்.

நட்சத்திரம் இல்லாமல் மேலே சிறிய எண்ணாகக் குறி அச்சாகியிருக்கிறது. அது எண்ணோடு ஒட்டிக்கொண்டது. என்ன செய்வது?

எல்லாப் பிழைகளிலும் மிகக் கொடியது இதுவே, ஏனெனில் இங்கே எழுத்துத் தொடர் உருவாவதில்லை. விரிதாள் அதை முறையான எண் என்றே ஏற்றுக்கொள்ளும், மேலே சொன்ன COUNTA சோதனையும் தேறிவிடும். 37,662 என்ற எண்ணின் தலையில் இருந்த சிறிய 2, வாலில் வந்து ஒட்டி 376622 ஆகிவிடும்.

முதல் தடயம் காற்புள்ளி. இந்திய முறையில் எழுதினாலும் மேலை முறையில் எழுதினாலும் கடைசிக் காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களே வரவேண்டும். 37,6622 என்று நான்கு வந்தால் கடைசி இலக்கம் விருந்தாளி. ஆகவே எழுத்துணரி தந்த காற்புள்ளிகளை அவசரப்பட்டு நீக்காதீர்கள், இந்தச் சோதனையை முடித்தபின் நீக்குங்கள்.

காற்புள்ளிகளும் இல்லாத நிலையில் மொத்தம் கைகொடுக்கும். ஓர் எண்ணின் வாலில் ஓர் இலக்கம் ஒட்டும்போது, அந்த எண் பத்து மடங்காகி அதனோடு அந்த இலக்கமும் கூடுகிறது. எனவே கூட்டுத்தொகையில் ஏற்படும் மிகை, மூல எண்ணின் ஒன்பது மடங்கும் குறியின் இலக்கமும் சேர்ந்தது. முதல் கேள்வியின் ஐந்து தாலுகாக்களுக்கே திரும்பி வருவோம். மூன்றாவது எண் மட்டும் 376622 என்று பதிவாகி, மற்றவை சரியாக இருந்தால், கூட்டுத்தொகை 5,80,766 என வரும். அச்சிட்ட மொத்தமான 2,41,806-ஐ அதிலிருந்து கழித்தால் மிகை 3,38,960. இதன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 3, 3, 8, 9, 6, 0 சேர்ந்து 29. அதை மீண்டும் கூட்டினால் 11, மீண்டும் கூட்டினால் 2. ஒட்டிக்கொண்ட குறி 2 என்பது கிடைத்துவிட்டது. மிகையிலிருந்து அந்த 2-ஐக் கழித்து ஒன்பதால் வகுத்தால் 37,662 வரும். எந்தக் கட்டம், அதன் உண்மையான எண் எது, குறி எது என்ற மூன்றும் ஸ்கேனைப் பார்க்காமலே தெரிந்துவிடுகின்றன. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த உபாயத்துக்கு எல்லை உண்டு. ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் இப்படிக் கெட்டிருந்தால்தான் இது நேராக வேலை செய்யும். இரண்டு கட்டங்கள் கெட்டிருந்தால் மிகை இரண்டின் கலவையாகிவிடும். அப்போது காற்புள்ளியையும், பக்கத்து ஆண்டுகளின் எண்ணைவிடத் திடீரென்று பத்து மடங்காக நிற்கும் கட்டத்தையும்தான் நம்பவேண்டும்.

கட்டத்தில் எண்ணே இல்லை, குறி மட்டும் தனியாக நிற்கிறது. சில இடங்களில் கோடு, சில இடங்களில் இரண்டு புள்ளிகள். இவையும் அடிக்குறிப்பா?

கோடும் புள்ளிகளும் அடிக்குறிப்பு அல்ல, அவை எண்ணின் இடத்தில் நிற்கும் மதிப்புகள். கோடு ‘இல்லை’ என்பதையும், புள்ளிகள் ‘விவரம் கிடைக்கவில்லை’ என்பதையும் குறிப்பது பரவலான வழக்கம். ஆனால் தொகுதிக்குத் தொகுதி இது மாறுவதால், முன்பகுதியில் உள்ள குறியீட்டு விளக்கத்தைப் பார்க்காமல் முடிவுசெய்யாதீர்கள். கிடைக்காத விவரத்துக்குப் பூஜ்யம் இட்டால், ஒருவரும் வாழாத ஊர் ஒன்று உருவாகிவிடும். தூய எண்ணின் கட்டத்தைக் காலியாக விட்டு, குறியின் கட்டத்தில் அந்தக் கோட்டையோ புள்ளிகளையோ எழுதுங்கள். தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கும் இதுவே முறை. அதன் பொருள் கீழே உள்ள குறிப்பில் இருக்கும், பெரும்பாலும் அந்த எண் வேறோர் இடத்தின் எண்ணோடு சேர்க்கப்பட்டுவிட்டது என்பதாக இருக்கும்.

குறி எண்ணில் இல்லாமல் மாவட்டத்தின் பெயரில் இருந்தால்?

குறி நிற்கும் இடமே அதன் ஆட்சி எல்லை. பெயரில் நின்றால் அந்த வரிசை முழுவதற்கும், ஆண்டின் தலைப்பில் நின்றால் அந்த நெடுவரிசை முழுவதற்கும், அட்டவணையின் தலைப்பில் நின்றால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருத்தணி 1960-இல் வந்தது. இத்தகைய இடங்களுக்கு 1901 முதல் எண் தரும் அட்டவணை, இன்றைய எல்லைக்கு ஏற்பப் பழைய எண்களைச் சீரமைத்திருக்கும், அந்தச் செய்தியைப் பெயரின் மேல் ஒரு குறியாக வைக்கும்.

நீள வடிவில் அந்தக் குறிப்பை அவ்வரிசையின் எல்லாக் கட்டங்களுக்கும் பரப்பிவிடலாம். ஆனால் குறி எங்கிருந்து வந்தது என்று இன்னொரு நெடுவரிசையில் ‘கட்டம்’, ‘வரிசை’, ‘நெடுவரிசை’, ‘அட்டவணை’ என்ற நான்கில் ஒன்றை எழுதிவையுங்கள். பரப்பிய குறிகளையும் அச்சில் கண்ட குறிகளையும் பிரித்தறிய முடியாமல் போனால், முன்பு சொன்ன குறி எண்ணிக்கைச் சோதனை பயனற்றுவிடும். பெயரில் உள்ள குறியை அங்கிருந்து எடுத்துவிட மறக்காதீர்கள். ‘கன்னியாகுமரி*’ என்பதும் ‘கன்னியாகுமரி’ என்பதும் விரிதாளுக்கு இரண்டு வேறு மாவட்டங்கள்.

எக்செல்லில் * குறியைத் தேடி நீக்கினேன். தாளே காலியாகிவிட்டது!

உடனே செயல்நீக்கம் செய்யுங்கள், சேமித்துவிடாதீர்கள். எக்செல்லின் தேடல் பெட்டியில் * என்பது ‘எதுவாக இருந்தாலும்’ என்ற பொருளைக் கொள்ளும். எனவே அதை வெற்றிடமாக மாற்றச் சொன்னால் எல்லாக் கட்டங்களும் வெற்றிடமாகும். நட்சத்திரத்தையே தேட `~*` என்று இடவேண்டும். எத்தனை கட்டங்களில் குறி இருக்கிறது என்று எண்ண `=COUNTIF(C2:C40,"*~**")` உதவும். குறியை நீக்கிய பிறகும் கட்டம் எழுத்து வடிவில் அமைக்கப்பட்டிருந்தால் எண்ணாக மாறாது, ஆகவே COUNTA சோதனையை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். எப்படியிருந்தாலும், குறியைத் தனி நெடுவரிசைக்கு நகலெடுத்த பின்னரே நீக்கவேண்டும்.

பைத்தானில் பிரித்துவிடலாமா?

தாராளமாக. ஆனால் நிரல், தனக்குப் புரியாததை ஊகிக்காமல் ஒதுக்கிவைக்கவேண்டும்.

```
import re
P = r'([*†‡§]*)\s*([0-9,]+)\s*([*†‡§]*)'

def piri(s):
    m = re.fullmatch(P, s.strip())
    if not m:
        return None
    return m[2].replace(',', ''), m[1] + m[3]
```

குறி எண்ணுக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் இது பிரிக்கும். 37,662t போன்றவற்றுக்கு None திரும்பும், அவற்றைக் கையால் பாருங்கள். t வந்த இடத்திலெல்லாம் † என்று தானாக மாற்றும் வரியைச் சேர்க்க ஆசை வரும், அதே t இன்னொரு பக்கத்தில் ‡ ஆக இருந்திருக்கும்.

ஒரு கண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுத்துணரி சிறிய எண்ணை ஒழுங்காக அடையாளம் கண்டு ² என்றே தந்திருக்கலாம். அதை அடுத்து, எழுத்துகளைச் சீராக்குவதற்காகப் பலரும் பழக்கத்தால் `unicodedata.normalize('NFKC', s)` என்று எழுதுகிறார்கள். NFKC அந்தச் சிறிய ²-ஐ வெறும் 2 ஆக்கிவிடும், 37,662² மீண்டும் 37,6622 ஆகிவிடும். எழுத்துணரி சரியாகச் செய்ததை நாமே கெடுத்துக்கொள்வது இது. தமிழ் எழுத்துகளைச் சீராக்க NFC போதும், அது ²-ஐத் தொடாது.

குறிப்பின் வாசகத்தைச் சுருக்கியோ தமிழாக்கியோ எழுதலாமா?

முதலில் அச்சில் உள்ள மொழியிலேயே, எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பிழையோடு எழுதுங்கள். தமிழாக்கமோ சுருக்கமோ வேண்டுமென்றால் அதற்கு வேறொரு நெடுவரிசை சேருங்கள்.

அட்டவணையில் குறி தெளிவாக இருக்கிறது. கீழே குறிப்பே இல்லை. என்ன எழுதுவது?

முதலில் அட்டவணையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், பல பக்க அட்டவணைகளில் குறிப்புகளை இறுதியில் ஒரே இடத்தில் திரட்டி அச்சிடுவது உண்டு. பிறகு எதிர்ப் பக்கம். ஓர் அட்டவணை இரண்டு பக்கங்களில் விரிந்திருந்தால் இடப்பக்கக் குறியின் குறிப்பு வலப்பக்கத்தின் அடியில் கிடக்கும், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தபோது இரண்டும் பிரிந்துபோயிருக்கும். அடுத்தது ஸ்கேன் செய்தவர் தாளின் அடிப்பகுதியை வெட்டிவிட்டாரா என்பது. கடைசி வரியின் எழுத்துகள் பாதியாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது, வேறொரு பிரதியைத் தேடவேண்டும்.

எங்கும் இல்லையென்றால், குறியை அதன் நெடுவரிசையில் அப்படியே வைத்து, வாசகத்தின் இடத்தில் ‘குறிப்பு அச்சில் இல்லை’ என்று எழுதிவிடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், அடுத்து வருகிறவர் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணி, அதே பக்கங்களை முதலிலிருந்து புரட்டத் தொடங்குவார்.